ஏபிசி என்றால் எல்லா நெருப்புக்கும் அல்ல

வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். சிற்றுண்டிச்சாலையில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றிக்கொள்கிறது. சுவரில் நீலப் பட்டையிட்ட சிவப்புத் தீயணைப்பான் ஒன்று மாட்டியிருக்கிறது. எடுக்கலாமா? பலர் "எடுக்கலாம்" என்றனர். "ஏபிசி என்று போட்டிருக்கிறதே, சார். எல்லாத் தீயையும் அணைக்கும்" என்றான் ஒருவன். பெரியவர்களில் பலரும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டையின் நிறம், உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாலேட்டு நிறம் நுரைக்கும், நீலம் உலர்தூளுக்கும், கறுப்பு கரியமில வாயுவுக்கும், மஞ்சள் ஈர வேதிப்பொருளுக்கும் உரியவை. எந்தத் தீக்கு அது பொருந்தும் என்பதைச் சொல்வது நிறத்துக்குக் கீழே உள்ள சிறு படங்கள்தாம். எரியும் விறகு ஏ வகை, அதாவது மரம், தாள், துணி. எரிபொருள் கலன் பி வகை, அதாவது பெட்ரோல் போன்ற திரவம். எரிவாயு அடுப்போ கலனோ சி வகை. சமையல் எண்ணெய்க்குத் தனிப் படம் உண்டு: தீ எழும் வாணலி. அது எஃப் வகை. பொதுவான ஏபிசி தூளில் அந்த வாணலி இருக்காது.

ஏன் இருக்காது? சமையல் எண்ணெய் ஏறக்குறைய 350 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் தானாகவே தீப்பற்றும். தூள் சுடரை ஒரு கணம் அடக்கும், எண்ணெயைக் குளிர்விக்காது. சூடு அப்படியே இருப்பதால், தூள் அடங்கியதும் தீ மறுபடி எழும். கரியமில வாயுவும் குளிர்விக்காது. அதன் வேகமான பீச்சு எரியும் எண்ணெயைச் சிதறவும் செய்யும். தண்ணீர் இன்னும் மோசம். எண்ணெய்க்கு அடியில் சென்று நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைத் தூக்கி எறியும்.

மஞ்சள் பட்டைக் கருவியில் பொட்டாசிய உப்புகளின் காரக் கரைசல் உள்ளது. அது நுண்ணிய தூறலாக விழுந்து எண்ணெயைக் குளிர்விக்கிறது. சூடான எண்ணெயுடன் வினைபுரிந்து மேலே சோப்புப் படலத்தையும் உருவாக்குகிறது. ஐந்தாம் படிவத்தில் நாம் நடத்தும் சோப்பு தயாரிக்கும் வினையேதான் அது! காற்றும் தடைபடும், சூடும் குறையும்.

அக்கருவி இல்லையெனில், தீ சிறிதாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடியாலோ தீப்போர்வையாலோ சட்டியை மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். சட்டியைத் தூக்கிச் செல்லக்கூடாது. அருகில் நெருங்க முடியாவிட்டால் வெளியேறி 999-ஐ அழைக்க வேண்டும்.

தீப்பயிற்சியில் ஊசியை இழு, கைப்பிடியை அழுத்து என்று சொல்லித் தருகிறோம். அதற்கு முன்பே, படத்தைப் பார் என்று சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த முறை சிற்றுண்டிச்சாலைக்குப் போகும்போது, அடுப்பருகே மாட்டியிருக்கும் கருவியில் வாணலிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளி நிர்வாகத்திடம் கேளுங்கள்.