பதிவு எண் இருக்கிறது, நம் பங்கு இருக்கிறதா?

கோட்டாறு சந்தைக்கு வாழைத்தாரும் தேங்காயும் வரும் ஊர்களில் இன்று "எஃப்பிஓ" என்ற சொல் தெரியாதவர் குறைவு. உழவர் உற்பத்தியாளர் அமைப்பு என்பதன் சுருக்கம் அது. சேரிக்கு வந்து ஆதார் நகலும் ஆயிரம் ரூபாயும் கேட்பவர், "இதுவும் சொசைட்டி மாதிரிதான்" என்கிறார். மாதிரி அல்ல தோழர்களே. எஃப்பிஓ என்பது பொதுப்பெயர். அது கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம், கம்பெனியாகவும் இருக்கலாம். எது என்பதைப் பொறுத்தே நம் உரிமை மாறுகிறது.

மார்த்தாண்டத்தின் தேனீ வளர்ப்போர் சங்கம் கூட்டுறவு. இப்படிப்பட்ட சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்குள் வருபவை. நிர்வாகக் குழுவில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு. கேள்வி கேட்கத் துணைப் பதிவாளர் அலுவலகம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அரசின் பிடி அதிகம், தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் ஆட்சி என்பது அதன் குறை.

உற்பத்தியாளர் கம்பெனி 2003இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. இன்று அது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் தனி அத்தியாயம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் தனிநபர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. அரசின் தலையீடு குறைவு. ஆனால் இயக்குநர் குழுவில் நமக்கு இடம் தரவேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்லவில்லை. மேற்பார்வை செய்யும் கம்பெனிப் பதிவாளர் இருப்பதோ சென்னையில்.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டா, சிட்டா இல்லாதவருக்கு இடமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். விளைபொருள் சார்ந்த எந்த வேலை செய்பவரையும் சட்டம் உற்பத்தியாளர் என்றே கருதுகிறது. குத்தகைக்குப் பயிரிடுபவரும் ஆடு வளர்ப்பவரும் இதில் அடங்குவர். ஆனால் அதே சட்டம், கம்பெனியோடு போதிய அளவு வரவு செலவு வைத்திருக்கும் "செயல்படும் உறுப்பினருக்கு" மட்டுமே வாக்கு என்று கம்பெனி தன் விதிமுறையில் எழுதிக்கொள்ளவும் இடம் தருகிறது. இரண்டு ஆடு வைத்திருக்கும் நம் அக்காவின் வாக்கு அந்த ஒரு வரியில் போய்விடலாம். சேரும் முன் சங்க விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டியது இதற்காகத்தான்.

இனி, பதிவைச் சரிபார்ப்பது. mca.gov.in தளத்தில் Master Data பக்கத்துக்குப் போய் கம்பெனியின் பெயரைத் தட்டுங்கள். பெயரின் கடைசிச் சொற்கள் Producer Company Limited என்று இருக்கவேண்டும். வெறும் Private Limited என்றால் அது சாதாரணத் தனியார் கம்பெனி. அங்கே பொதுவாகப் பங்குக்கு ஏற்ப வாக்கு. 21 எழுத்து இலக்கங்கள் கொண்ட CIN எண்ணில் TN என்ற எழுத்துகளும் அதை அடுத்துப் பதிவான ஆண்டும் தெரியும். நிலை Active என்று இருக்கிறதா, Strike Off என்று இருக்கிறதா பாருங்கள். Active என்பது மட்டும் போதாது, கடைசியாகக் கணக்கு தாக்கல் செய்த தேதியையும் பாருங்கள். இயக்குநர்களின் பெயர்களும் அங்கே இருக்கும். தேடியும் கிடைக்காவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டவேண்டாம், அது கூட்டுறவாக இருக்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, துணைப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் நிறுத்தக்கூடாது. கம்பெனி உண்மையானது என்பதால் நம் பங்கும் உண்மையானது என்று ஆகிவிடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்நூறு பேரிடம் ஆளுக்கு ஆயிரம் வாங்கியதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் Paid up Capital என்ற இடத்தில் குறைந்தது ஐந்து லட்சம் இருக்கவேண்டும். அங்கே ஒரு லட்சம்தான் என்றால் மீதி நான்கு லட்சம் இன்னும் பங்காகவில்லை. அண்மையில் வாங்கிய பணமாக இருந்தால் பதிவேற சில வாரம் ஆகலாம். ஓராண்டு கழித்தும் அதே எண் நின்றால் கேட்டே ஆகவேண்டும். Authorised Capital என்ற எண்ணைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். அது திரட்ட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு, திரட்டிய பணம் அல்ல.

அதே தளத்தில் 100 ரூபாய் கட்டினால் கம்பெனியின் ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். விதிமுறையும் ஆண்டறிக்கையும் அங்கே கிடைக்கும். ஆண்டறிக்கையோடு இணைக்கப்பட்ட பங்குதாரர் பட்டியலில் நம் மக்களின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த பத்தாயிரம் எஃப்பிஓ திட்டத்தில் சமவெளிப் பகுதிக்குக் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். உறுப்பினர் போட்ட பங்குத்தொகைக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு அமைப்புக்கு 15 லட்சம் வரை மானியம் உண்டு. அதாவது நம் பெயருக்கு விலை இருக்கிறது. தலையை எண்ணும்போது சேரியைத் தேடி வருகிறவர்கள், பொதுக்குழு கூடும்போதும் தேடி வரவேண்டும்.

ஊரில் ரசீது வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: பங்குச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? ரசீது பணம் கொடுத்ததற்குச் சாட்சி மட்டுமே. வாக்கு கேட்கப் போகும்போது கையில் இருக்கவேண்டியது சான்றிதழ்.