சத்தத்தைச் சற்றே குறைப்பீர்களா?

கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் கண்டிக்கு வந்து படிக்கும் மாணவி ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். காலையும் மாலையும் பஸ்ஸில் செல்லும் நேரமே அவர் பாடம் படிக்கும் நேரம். லயத்து வீட்டில் ஐந்து பேருக்கு நடுவே விளக்கடியில் இடம் கிடைப்பது அரிதாம். ஆனால் அண்மைக் காலமாக, அடுத்த ஆசனத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியில் படக்காட்சிகளை உரத்த ஒலியில் ஓடவிடுகிறார். ஒன்று முடியுமுன் மற்றொன்று. “எப்படிக் கேட்பது ஐயா? கேட்டால் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது. அதிலும் அவர் சிங்களவர்” என்று கடிதம் முடிகிறது.

பொறுத்துப் போம்மா என்று எழுதிவிட எமக்கு மனம் வரவில்லை. பரீட்சை காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பிரயாண நேரம் சிறிய சொத்தன்று.

முதலில், கேட்பது ஏன் கடினமாயிருக்கிறது என்று பார்ப்போம். பெனலோப் பிரவுண், ஸ்டீவன் லெவின்சன் என்னும் இரு மொழியியலாளர் மரியாதைப் பேச்சைப் பற்றி 1978இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். 1987இல் அது நூலாகவும் வந்தது. ஆங்கிலத்தையும் மெக்ஸிக்கோ நாட்டு மலைமக்களின் மொழியொன்றையும் தவிர, அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்றாவது மொழி நமது தமிழேயாகும். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துப் பேச்சு அதில் இடம்பெற்றிருக்கிறது. அவர்களது கருத்தின் மையச் சொல் ‘முகம்’. நமக்கு அது புதிதன்று. முகம் கொடுத்துப் பேசுதல், முகமுறிவு என்றெல்லாம் நாம் சொல்வதில்லையா? ஒருவரிடம் ‘இதைச் செய்’ என்னும்போது அவருடைய சுதந்திரத்தில் நாம் கை வைக்கிறோம். ‘நீ செய்வது பிழை’ என்னும்போது அவருடைய மதிப்பில் கை வைக்கிறோம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் வாக்கியம் இரண்டையும் ஒருங்கே செய்துவிடுகிறது. முன்பின் அறியாதவர் முறைத்துப் பார்ப்பதன் காரணம் அதுவே.

ஆகவே இரண்டாவது காயத்தை அறவே தவிர்ப்பதும், முதலாவதைச் சிறிதாக்குவதுமே கேட்பவரின் வேலை. ‘நாலு பேர் இருக்கிற இடம் இது’ என்று தொடங்கும் வாக்கியம் எதுவாயினும் அது உபதேசம். உபதேசம் கேட்பதற்கு யாரும் பஸ்ஸுக்குப் பணம் கொடுப்பதில்லை. ‘தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா? நாளைக்குச் சோதனை, படிச்சுக்கிட்டு இருக்கேன்’ என்பதைப் பாருங்கள். ‘தம்பி’ என்ற உறவு முறையும் ‘நீங்க’ என்ற மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. ‘கொஞ்சம்’ என்ற சொல் கோரிக்கையைச் சுருக்குகிறது. நிறுத்தச் சொல்லவில்லை, குறைக்கத்தான் கேட்கிறோம். ‘குறையுங்க’ என்பது ஏவல். ‘குறைச்சுக்கிறீங்களா’ என்பதோ, முடிவை அவர் கையிலேயே விட்டுவிடும் கேள்வி.

காரணம் சொல்வதைச் சிலர் வீண் பேச்சு என்பர். அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கரும் அவருடைய தோழர்களும் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறுகிறது. நியூயோர்க்கில் பிரதி எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் ஒருவர் சென்று, தம்மை முதலில் விடும்படி கேட்டார். ஐந்து பக்கமே என்றால், வெறும் பெயரளவுக்குச் சொன்ன காரணத்துக்கும் பெரும்பாலோர் இணங்கினர். இருபது பக்கம் என்றதும் அந்தப் போலிக் காரணம் பயன்படவில்லை. காரணமே சொல்லாதபோது இணங்கிய அதே 24 வீதத்தினரே இணங்கினர். உண்மையான அவசரத்தைச் சொன்னபோது அது 42 வீதமாயிற்று. ஒருவர் ரசித்துக்கொண்டிருப்பதைக் குறைக்கச் சொல்வது இருபது பக்கக் கோரிக்கையைச் சேர்ந்தது என்பது எம் அபிப்பிராயம். ஆகவே சோதனையோ, தலைவலியோ, மடியில் உறங்கும் குழந்தையோ, உள்ளதையே சொல்ல வேண்டும்.

இனி, இடமும் வேளையும். பேராதனையில் கலஹாச் சந்தி திரும்பி, பல்கலைக்கழகத்தைக் கடந்து, ஹிந்தகலைக்கு மேல் பஸ் ஏறத் தொடங்கியதும் இயந்திரத்தின் முழக்கம் மிகுதியாகும். அப்போது ஒலியைக் கூட்டாமல் அவருக்கே கேளாது. அந்த ஏற்றத்தில் வைத்துக் கேட்டால், நாமும் கத்த நேரிடும். கத்தினால் முன்னும் பின்னும் தலைகள் திரும்பும். திரும்பிய தலைகளுக்கு முன்னால் இணங்குவது அவருக்குத் தோல்வியாகிவிடும். தரிப்பிடத்தில் பஸ் நிற்கும்போதோ, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலோ, பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதே தக்கது. மூன்று வரிசை தள்ளியிருந்து குரல் கொடுப்பதை விட எழுந்து அருகே போவது மேல். முறைத்துப் பார்ப்பதாலும் உச்சுக்கொட்டுவதாலும் காரியம் ஆவதில்லை. குற்றச்சாட்டு மட்டுமே அவரைச் சென்றடையும், கோரிக்கை சென்றடையாது.

இந்த வழியில் ஒருநாள் நாம் கண்டதையும் சொல்லலாம். வயது முதிர்ந்த ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். அருகிலிருந்த வாலிபன், “ஐயா, காது குத்துது, கொஞ்சம் குறைச்சிடுங்களேன்” என்றான். பெரியவர் கையைக் காதருகே கொண்டுபோய், “என்ன தம்பி?” என்றார். அவருக்குச் செவி மந்தம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வாலிபன் தன் பையிலிருந்த காதொலிக் கருவியை நீட்டினான். அது அவருடைய தொலைபேசியில் பொருந்தவில்லை. இப்போது வரும் தொலைபேசிகள் பலவற்றில் அந்தத் துவாரமே இல்லை. கடைசியில் பெரியவர் தொலைபேசியைக் காதோடு சேர்த்து வைத்துக் குறைந்த ஒலியில் கேட்டுக்கொண்டு வந்தார். உரத்து வைத்திருப்பவர் எல்லோரும் திமிர் பிடித்தவர் அல்லர் என்பதற்கு இது ஒரு சாட்சி. சிலருக்கு அது சத்தமாகவே தோன்றுவதில்லை.

மாணவியின் அச்சத்துக்கு வருவோம். சிங்களப் பிரயாணியிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்பதை விட, அவர் மொழியிலேயே ஒரு வாக்கியம் கற்று வைத்துக்கொள்வது நலம். “மல்லி, போன் எகே சத்தே பொட்டக் அடு கரன்ன புளுவன்த?” ‘தம்பி, தொலைபேசிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா’ என்பதே இதன் பொருள். மூத்தவரானால் ‘அய்யே’, பெண்ணானால் ‘நங்கி’ அல்லது ‘அக்கே’. உச்சரிப்புத் தவறினாலும் பாதகமில்லை. அவருடைய மொழியில் முயன்று பேசும் பிள்ளையின் சொல்லை இனப்பூசலாக எடுத்துக்கொள்வோர் மிகச் சிலரே. எனினும் அந்தச் சிலர் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். குடித்திருப்பவரிடமும், கூட்டமாகக் கூத்தடிப்பவரிடமும், ஆள் குறைந்த இரவுப் பஸ்ஸிலும் கேளாதிருப்பதே விவேகம். அப்போது இடம் மாறலாம். கண்டக்டரிடம் மெல்லச் சொல்லலாம். மும்பையில் 2023இல் நகரப் பஸ் நிர்வாகம், காதொலிக் கருவியின்றி உரத்துக் கேட்பதைத் தடைசெய்தே அறிவித்துவிட்டது. அங்கே கண்டக்டருக்கு விதியின் துணையுண்டு. இங்கே அவருடைய நல்லெண்ணத்தையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது.

குறைத்தவர் ஏற்றத்தில் மீண்டும் கூட்டினால் என்ன செய்வது? இன்னும் ஒருமுறை கேட்கலாம். முதல் முறை குறைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். மூன்றாம் முறை வேண்டாம். அதற்குள் பெரும்பாலும் கலஹா வந்துவிடும். தெல்தோட்டை வரை செல்பவர்களுக்கு முன்பக்கத்தில் ஆசனங்களும் காலியாகியிருக்கும்.