மூன்று நாடுகள், ஒரு பட்டம்: முதல் நாட்டின் அட்டை

அல் குசைஸில் பள்ளிப் படிப்பை முடித்த தமிழ் மாணவர் பலர், தாயகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற பின் ஐரோப்பாவை நோக்குகின்றனர். 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டம் அவர்களைப் பெரிதும் ஈர்க்கிறது. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு மூன்று நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பயிலலாம். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1400 யூரோவும் உண்டு. ஆயினும் பயணச் செலவையும், ஒவ்வொரு நகரிலும் செலுத்தும் வாடகை முன்பணத்தையும் அத்தொகையிலிருந்தே ஈடுகட்ட வேண்டும்.

பெற்றோர் பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் பெயரையே பார்க்கின்றனர். முதல் அரையாண்டு எந்த நாட்டில் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

2007இல் தொடங்கிய புவிசார் தொழில்நுட்ப முதுகலையை எடுத்துக்கொள்வோம். இதில் லிஸ்பனிலோ ஸ்பெயினின் காஸ்டெல்யோனிலோ படிப்பைத் தொடங்கி, இரண்டாம் அரையாண்டுக்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டர் செல்லும் முறை அமைந்தது. லிஸ்பனில் தொடங்குபவருக்கு வழங்கப்படும் போர்த்துகீசிய விசா நான்கு மாதங்களுக்கே செல்லும். அதற்குள் குடிவரவு அலுவலகத்தில் நேரம் பெற்று, வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தாமதம் சாதாரணம்.

அந்த அட்டையில்தான் அடுத்த நாட்டின் கதவு திறக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணைப்படி, இத்தகைய திட்டத்தில் பயிலும் மாணவர் புதிய விசா இன்றி இரண்டாம் நாட்டில் 360 நாள் வரை பயிலலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. ஜெர்மனியில், மாணவரை ஏற்கும் பல்கலைக்கழகமே நடுவண் குடிவரவு அலுவலகத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அப்போது முதல் நாட்டின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதி தேவை. செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தவரிடம் பிப்ரவரியிலும் அட்டை இல்லையெனில், மியூன்ஸ்டர் வகுப்பு தொடங்கும்போது அவர் இரு நாடுகளுக்கும் இடையே சிக்கிக்கொள்வார். ஆகவே அலுவலக நேரத்தைப் பெற்றுத்தருவது யார், சென்ற ஆண்டு மாணவருக்கு அட்டை எப்போது வந்தது என்று திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கேட்பது நலம். இதற்குத் தெளிவான விடை தராத திட்டத்தை, அதன் புகழ் எத்தகையதாயினும், ஐயத்துடன் நோக்குவதே தகும்.

வளைகுடாக் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அமீரகத்துக்கு வெளியே ஆறு மாதங்களுக்கு மேல் தங்கினால் வதிவிட விசா பொதுவாக இரத்தாகும். வெளிநாட்டில் பயிலும் மாணவருக்கு விலக்கு உண்டெனினும், சேர்க்கைச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் தந்தை தம் மகனுக்கு 25 வயது வரையே பொறுப்பேற்க இயலும். மணமாகாத மகளுக்கு வயது வரம்பில்லை. 23 வயதில் இரண்டாண்டுப் படிப்புக்குச் செல்லும் மகன், பட்டத்துடன் திரும்பும்போது அல் குசைஸ் வீட்டுக்கு விருந்தினர் விசாவில் வர நேரலாம்.