தவணையில் அசல் எவ்வளவு?

மாதத் தவணை மாறாது என்று சென்ற இதழின் வீட்டுக் கடன் கட்டுரை சொன்னது சரி. ஆனால் அதற்குள் இருக்கும் வட்டி, அசல் பங்குகள் மாதாமாதம் மாறுவதையும் சொல்லியிருக்கலாம்.

இதை எழுதும் வாசகரின் அக்கா 9 சதவீத வட்டியில், 20 வருடக் கெடுவில், 30 லட்சம் கடன் வாங்கினார். தவணை 26,992 ரூபாய். ஐந்து வருடம் தவறாமல் கட்டிய பிறகு பார்த்தால், பாக்கி இன்னும் 26.61 லட்சம்! கட்டிய 16.2 லட்சத்தில் அசலுக்குப் போனது 3.39 லட்சம்தான். வங்கி ஏமாற்றிவிட்டது என்றே சண்டைக்குக் கிளம்பினார்.

ஏமாற்று எதுவும் இல்லை. வட்டி, அந்தந்த மாதம் நிற்கும் பாக்கிக்குப் போடப்படுகிறது. முதல் மாதம் 30 லட்சத்துக்கு முக்கால் சதவீதம், அதாவது 22,500 ரூபாய். மிச்சம் 4,492 ரூபாய்தான் அசலில் கழிந்தது. அடுத்த மாதம் வட்டி 34 ரூபாய் குறைய, அசலுக்கு அதே 34 ரூபாய் கூடுகிறது. இந்த நத்தை நடையில் அசல் வட்டியை முந்துவது 13-வது வருடத்தில்தான்!

2024 அக்டோபர் முதல் புதுக் கடன்களுக்குத் தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் தவணைவாரியான இந்தப் பிரிப்பு இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படி ஓர் அட்டவணையை, வாசிக்கும் முறையோடு, அடுத்த இதழில் அச்சிட வேண்டுகிறோம்.

- ஒரு வாசகர், ஈரோடு