லோன் வரவில்லை என்றால் டோக்கன் அட்வான்ஸ் போனதுதானா?

வீடு, மனை பேசி முடிக்கிற இடங்களில் ஒரு பேச்சு சட்டம் போலவே புழங்குகிறது: "டோக்கன் கொடுத்துட்டு லோன் கிடைக்கலன்னு பின்வாங்கினா, அட்வான்ஸ் போச்சு." விற்பவர் இதைச் சொல்கிறார், புரோக்கர் தலையாட்டுகிறார், வாங்க வந்தவரும் தன்மேல்தான் தப்பு என்று நம்பி வாயை மூடிக்கொள்கிறார். இப்படி விட்டுக்கொடுக்கப்படும் பணத்தில் கணிசமான பகுதி நியாயமாகத் திரும்ப வேண்டியது.

லோன் மறுக்கப்பட்டாலே வாங்குபவரின் தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் பிழை. வங்கி ஆளையும் பார்க்கிறது, சொத்தையும் பார்க்கிறது. சம்பளம் போதவில்லை, சிபில் ஸ்கோர் குறைவு என்றால் அது ஆளின் குறை. ஆனால் வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை புரட்டிப் பார்த்துவிட்டு, வாரிசு ஒருவரின் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று எழுதினால் அது சொத்தின் குறை.

சென்னைப் புறநகரில் 60 லட்ச ரூபாய்க்குப் பேசிய ஒரு பழைய வீட்டை வைத்துப் பார்ப்போம். டோக்கன் 2 லட்சம். வாங்குபவருக்கு நல்ல சம்பளம், சிபிலும் சுத்தம். வங்கியின் இன்ஜினீயர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார். அனுமதி வாங்கியது தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் மட்டும். விலை பேசியதோ மேலே எழுப்பியிருக்கும் இரண்டாவது தளத்தையும் சேர்த்து. வங்கி கைவிரித்துவிடுகிறது. இங்கே வாக்குத் தவறியவர் யார்? சொத்துமாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைகளைச் சொல்லிவிடும் கடமையை விற்பவர்மேல் வைக்கிறது. வாங்குபவர் முறையான காரணத்தோடு சொத்தை ஏற்க மறுத்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின்மீதே அவருக்குப் பொறுப்புரிமை உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாத தளத்தை மறைத்து விற்கப் பார்த்தவர் 2 லட்சத்தைப் பிடித்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

அதனால் மறுப்புக்கான காரணம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். "சார், லீகல்ல நிக்குது" என்று வங்கி ஊழியர் போனில் சொல்வது போதாது. கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை, கேட்டு வாங்குங்கள். பேச்சுவார்த்தையில் அந்தக் கடிதத்துக்கு இருக்கும் பலம் வேறு எதற்கும் இல்லை.

"டோக்கன் என்றாலே திருப்பித் தரத் தேவையில்லாதது" என்பது அடுத்த வாதம். பணத்துக்கு வைத்த பெயர் இதை முடிவு செய்வதில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தை, வாங்குபவர் தவறினால் விற்பவர் பறிமுதல் செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் தெளிவாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த பணத்துக்கு இது பொருந்தாது. நம் ஊரில் டோக்கனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது "அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒற்றை வரி ரசீதுதான். பறிமுதல் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தத் தாளைக் காட்டி முழுத் தொகையையும் வைத்துக்கொள்வேன் என்பது பலவீனமான வாதம்.

"எனக்கு நஷ்டம் ஆச்சே" என்று விற்பவர் கேட்பதில் உண்மை இருக்கலாம். வேறு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பார், இரண்டு மாதம் காத்திருந்திருப்பார். அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74-ஆவது பிரிவுகள் தருவது நியாயமான இழப்பீட்டைத்தான். 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் டெல்லி வளர்ச்சி ஆணையம் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. அதே மனையைப் பிறகு கூடுதல் விலைக்கு விற்ற ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லை.

வாங்குபவர் பக்கத்து இந்த வாதங்களுக்கும் எல்லை உண்டு. பறிமுதல் நிபந்தனை எழுதிய கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, லோன் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாமல், தன் வருமானக் குறைவால் கடன் மறுக்கப்பட்டவரின் நிலை கடினம்தான். பணம் புரட்டுவது அவர் பொறுப்பு என்றே நீதிமன்றம் பார்க்கும். அவர் கேட்கக்கூடியது, பிடித்த தொகை அளவுக்கு மீறியது என்பது மட்டும்.

டோக்கன் கொடுக்கும்போதே ரசீதில் ஒரு வரி சேர்த்தால் இந்த வாக்குவாதத்துக்கே இடம் இருக்காது: "வங்கிக் கடன் எக்காரணத்தாலும் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதம் கொடுத்த 15 நாளுக்குள் டோக்கன் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்." பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. விற்பவர் தர மறுத்தால் மறுப்புக் கடிதத்தின் நகலோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். "அடுத்த பார்ட்டி வரட்டும், தர்றேன்" என்ற பேச்சை நம்பி அதை ஓடவிட்டுவிடாதீர்கள்.