தண்ணீரில் போட்டால் லென்ஸ் கட்சி மாறாது

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். கேள்வி இதுதான்: காற்றில் 20 செ.மீ. குவியத் தொலைவு உள்ள கண்ணாடிக் குவிலென்ஸைத் தண்ணீரில் மூழ்க வைத்தால் என்ன ஆகும்? குவிலென்ஸாகவே இருக்கும், குவியத் தொலைவு மட்டும் கூடும் என்று அவள் குறித்திருந்தாள். விடைக்குறிப்போ, விரிக்கும் லென்ஸாக மாறும் என்கிறது. நாலு மார்க் போனது, அதற்கு மேல் ஒரு மார்க் மைனஸ். "அப்புச்சி, நான் எழுதுனது தப்புங்களா?" என்றாள். அச்சடித்தது யார் என்று இங்கே சொல்லமாட்டேன், அது தேவையுமில்லை.

அதைப் படம் பிடித்து நம் குரூப்பில் போட்டேன். வந்த பதில்களில் பாதிக்கு மேல் விடைக்குறிப்பின் பக்கம். அதிலும் இப்போது டியூஷன் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதியதுதான் தைத்துவிட்டது: "சார், அடர்மிகு ஊடகத்துல வெச்சா லென்ஸோட குணம் மாறும்னு நீங்கதானுங்களே போர்டுல எழுதிப் போட்டீங்க?"

எழுதிப் போட்டேன்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

குவிக்கும் குணம் லென்ஸின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. ஒளி திரும்புவது கண்ணாடியின் நடுவில் அல்ல, கண்ணாடியும் வெளியிலிருப்பதும் தொடும் அந்த வளைந்த முகத்தில். எவ்வளவு திரும்பும் என்பதை முகத்தின் வளைவும், இரண்டு பக்கத்து ஒளிவிலகல் எண்களின் விகிதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வளைவு தண்ணீரில் கரையப்போவதில்லை. எனவே விகிதத்தை மட்டும் பார்ப்போம்.

கண்ணாடி 1.5, காற்று 1. வகுத்தால் 1.5. அதில் ஒன்றைக் கழித்தால் 0.5. இந்த மிச்சம்தான் லென்ஸின் பலம். இப்போது தண்ணீர், 1.33. கண்ணாடியின் 1.5ஐ அதால் வகுத்தால் 1.128. ஒன்றைக் கழித்தால் 0.128. பலம் ஏறக்குறைய கால் பங்காகிவிட்டது, ஆனால் தீர்ந்துபோகவில்லை, எதிர்க்குறியும் வரவில்லை. 20 செ.மீ. குவியத் தொலைவு சுமார் 78 செ.மீ. ஆகும், அவ்வளவுதான். குறி மாற வேண்டுமென்றால் வகுத்து வருவது ஒன்றுக்குக் கீழே போக வேண்டும், அதாவது வெளியிலிருப்பது கண்ணாடியை மிஞ்ச வேண்டும். கடையில் வாங்கும் எந்தக் கண்ணாடி லென்ஸையும் 1.33 மிஞ்சாது.

"தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தேன் சார், எழுத்து பெருசாவே தெரியல" என்று இன்னொருவர் எழுதினார். தெரியாதுதான். எழுத்துக்கு 5 செ.மீ. மேலே இந்த லென்ஸைப் பிடித்தால் காற்றில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டும். தண்ணீருக்குள் அந்தப் பெருக்கம் நூற்றுக்கு ஏழுதான். கண்ணுக்கு அது உறைக்காது. பெரிதாகத் தெரியவில்லை என்பது வேறு, சிறிதாகத் தெரிகிறது என்பது வேறு. முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதைச் சொல்கிறோம்.

எழுத்தை நம்ப வேண்டாம், வெயிலைக் கேளுங்கள். நம் சங்ககிரியில் ஏப்ரல் 20ஐ ஒட்டிச் சூரியன் உச்சியில் தலைக்கு நேர் மேலே வரும், மற்ற நாட்களில் லென்ஸைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம். வீட்டு சிமெண்ட் தொட்டியில் அரை மீட்டர் தண்ணீர் இருந்தால் போதும். 8 செ.மீ. அகல லென்ஸை நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே பிடித்து, அதற்கு 40 செ.மீ. அடியில் ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டை வைத்துப் பாருங்கள். வெளிச்ச வட்டம் சுமார் 4 செ.மீ. இருக்கும், லென்ஸில் பாதி. விரிக்கும் லென்ஸாக இருந்தால் அந்த வட்டம் லென்ஸைவிடப் பெரிதாக விழ வேண்டும். திங்கட்கிழமை நானும் பேத்தியும் பார்த்தோம், சிறியதுதான். முதல் தடவை மட்டும் லென்ஸின் மேல்முகம் நனையாமல் பிடித்துவிட்டாள், 40 செ.மீ.யிலேயே புள்ளியாகக் குவிந்துவிட்டது. ஒரு முகம் காற்றில் இருந்தால் அப்படித்தான். இரண்டு முகமும் முழுக வேண்டும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். "அடர்மிகு ஊடகம்" என்று எழுதினேன், எதைவிட அடர்மிகு என்று எழுதவில்லை. காற்றைவிட என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல நினைத்தது லென்ஸின் கண்ணாடியைவிட என்று. அந்த இரண்டு சொல்லை விட்டதற்கு இத்தனை வருஷம் கழித்துப் பேத்தி மார்க் கொடுத்திருக்கிறாள்.

அந்தச் சொல்லே சரியில்லை என்றும் எனக்கு வெகுநாளாக ஒரு குறை உண்டு. அடர்த்தி என்றதும் கனம் என்று நினைக்கிறோம். கடலை எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் ஒளிக்கு அது தண்ணீரைவிட அடர்மிகு ஊடகம், 1.47. லென்ஸை ஒரு கிண்ணம் கடலை எண்ணெயில் போட்டுப் பாருங்கள், பாதி மறைந்தே போகும். கணக்கில் குவியத் தொலைவு 5 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். உங்கள் கண்ணாடி 1.5க்குப் பதில் 1.52 ஆக இருந்தால் அதே கணக்கு 3 மீட்டர் என்று சொல்லும். இரண்டு எண்களும் நெருங்க நெருங்க, இம்மியளவு வித்தியாசமும் விடையைப் புரட்டிப் போடும். இன்னும் மேலே போய் 1.6 வரும் இலவங்கப்பட்டைத் தைலத்தில் முழுக வைத்தால் அப்போதுதான் லென்ஸ் கட்சி மாறும். அங்கேயும் எதிர்ப்பக்கம் 160 செ.மீ. என்ற பலவீனமான விரிக்கும் லென்ஸாகத்தான் இருக்கும். புத்தகங்கள் சொல்லும் கார்பன் டைசல்பைடு 1.63 வேலைக்கு ஆகும், ஆனால் அது நஞ்சு, சட்டென்று தீப்பிடிப்பது. வீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

தண்ணீரிலேயே விரிக்கும் லென்ஸ் பார்க்க ஆசையா? உள்ளே காற்று வையுங்கள். என் வயதுக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும், பீஸ் போன குண்டு பல்பைக் குடைந்து தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, பிலிம் துண்டை வைத்து வேட்டியில் படம் காட்டுவோம். அங்கே தண்ணீர் உள்ளே, காற்று வெளியே. அதனால் குவித்தது. குடையாத பல்பைத் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தால் வாயு உள்ளே, தண்ணீர் வெளியே. வடிவம் அதே குண்டுதான், ஆனால் அதன் வழியே டைல்ஸின் கோடுகள் சிறுத்துத் தெரியும், ஓரம் பாதரசம் போல மின்னும். தண்ணீர் ஊற்றிய பல்பையே தொட்டிக்குள் இறக்கினால் ஒன்றும் செய்யாது, இருக்குமிடமே தெரியாது. ஒரே வடிவத்தில் மூன்று விதமும் பார்த்தாகிவிட்டது.

விடைக்குறிப்பு அச்சடித்த இடத்துக்குப் போன் செய்தேன். "கீயை இனிமே மாத்த முடியாதுங்க சார்" என்றார்கள். பேத்தி நேற்றுக் காலை லென்ஸையும் ஒரு பீஸ் போன பல்பையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் அங்கேயே பிடித்துக்கொள்ளலாமாம்.