“பார்க்கலாம்” என்ற பதிலுக்கு ஒரு கடிதம்

“அக்கா, இதை அனுப்பிடவா?” ஜூலை மாதத் தொடக்கத்தில் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தை அனுப்பிக் கேட்டாள். யீஷூனில் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்த வீவக வீட்டைக் காலி செய்து மூன்று வாரம் ஆகப்போகிறது. 5,200 வெள்ளி டெபாசிட் இன்னும் வரவில்லை. புது வீட்டு டெபாசிட்டை அவள் சித்தியிடம் கைமாற்றாக வாங்கித்தான் கட்டியிருந்தாள்.

வீட்டு உரிமையாளர் சொன்னது இவ்வளவுதான்: “சுவர் மங்கிவிட்டது, பெயிண்ட் அடிக்க 1,200 ஆகும். ஏர்கானைக் கழுவ 480. திரைச்சீலையும் அழுக்கு. மீதியைப் பிறகு பார்க்கலாம்.”

அவள் எழுதியிருந்த கடிதத்தில் “ஏமாற்று” என்ற சொல் நான்கு முறை வந்தது. போலிசுக்குப் போவேன் என்றும் இருந்தது. “விரைவில் பணத்தைத் தரவும்” என்று முடிந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால், ஒப்பந்தப்படி டெபாசிட்டைத் தராதது பெரும்பாலும் சிவில் வழக்கு சார்ந்த விஷயம். போலிஸ் என்று மிரட்டினால், சட்டம் தெரிந்தவர் அசைய மாட்டார். “விரைவில்” என்பதற்கோ தேதியே இல்லை.

“இதை அனுப்பாதே. முதலில் காகிதங்களை எடு” என்றேன். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் பரப்பினோம். முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தமும் அதன் சான்றிதழும் இருந்தன. முத்திரையிடாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கமாட்டார்கள் என்பதால் இதை முதலில் தேட வேண்டும். டெபாசிட் கட்டிய வங்கிப் பதிவு, குடிபுகுந்த நாளில் இருவரும் கையெழுத்திட்ட பொருள் பட்டியல், அன்றும் கடைசி நாளிலும் எடுத்த படங்கள் எல்லாம் கிடைத்தன.

ஏர்கானை மூன்று மாதத்திற்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு ஆண்டுக்கு எட்டு ரசீது வேண்டும், ஏழுதான் இருந்தது. மறுநாள் சர்வீஸ் நிறுவனத்தை அழைத்தாள், எட்டாவதின் நகலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் போயிருந்தால், உரிமையாளர் கேட்ட 480 வெள்ளிக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ஒரு சங்கடமும் வெளிவந்தது. குளியலறை அலமாரியின் கண்ணாடியை அவள் கணவர் தவறுதலாக உடைத்திருந்தார். “அதைச் சொல்லணுமா, அக்கா?” என்றாள். சொல்ல வேண்டும். தன் தவறை ஒப்புக்கொள்பவர் மற்றதைப் பற்றிச் சொல்வதையும் நம்புவார்கள். கண்ணாடி மாற்ற 180 வெள்ளி என்று ஒரு கடையில் விலைப்பட்டியல் வாங்கினாள்.

பிறகு புதிதாக எழுதினோம். அவள் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம் தமிழில் இப்படி இருக்கும்:

“தேதி: 4 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: டெபாசிட் தொகை 5,020 வெள்ளியைத் திருப்பித் தரக் கோருதல்

16 ஜூன் 2023 முதல் 15 ஜூன் 2025 வரையிலான ஒப்பந்தத்தின்படி உங்கள் வீட்டில் குடியிருந்தேன். 5,200 வெள்ளி டெபாசிட்டை 10 ஜூன் 2023 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தினேன். கடைசி மாதம் வரை வாடகை பாக்கி இல்லை.

15 ஜூன் 2025 அன்று வீட்டை ஒப்படைத்தேன். சாவி கிடைத்ததாக அன்று மாலை 4.10க்கு நீங்கள் குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். ஒப்பந்தப்படி 14 நாளுக்குள், அதாவது 29 ஜூன் 2025க்குள், டெபாசிட் திரும்பியிருக்க வேண்டும்.

சுவர் நிறம் மங்கியது இரண்டு ஆண்டு வழக்கமான பயன்பாட்டின் தேய்மானம். ஒப்பந்தம் அதற்கு விலக்கு அளிக்கிறது. ஏர்கான் சர்வீஸ் ரசீதுகள் எட்டும் இணைக்கப்பட்டுள்ளன. திரைச்சீலைக்குச் செலவு செய்திருந்தால் ரசீதை அனுப்புங்கள், பரிசீலிக்கிறேன். உடைந்த கண்ணாடிக்கு 180 வெள்ளியைக் கழிக்க ஒப்புக்கொள்கிறேன்.

மீதி 5,020 வெள்ளியை 18 ஜூலை 2025, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணிக்குள் கீழுள்ள கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் வராவிட்டால், மேலும் அறிவிப்பின்றி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனு செய்வேன்.”

கீழே வங்கிக் கணக்கு எண்ணும் இணைப்புகளின் பட்டியலும் இருந்தன. கடிதத்தில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. நடுவர் மன்றத்தில் யாராவது இதைப் படித்தால், வேறு யாரையும் கேட்காமலே நடந்தது புரிய வேண்டும். அதுதான் அளவுகோல்.

கடைசி வரி வெறும் மிரட்டல் அல்ல. இரண்டு ஆண்டைத் தாண்டாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் அந்த மன்றத்தின் வரம்புக்குள் வருகின்றன. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். ஆனால், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

கடிதத்தை முகவருக்கு மட்டும் அனுப்பி நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. பணம் இருப்பது உரிமையாளரிடம். ஒப்பந்தத்தில் யார் பெயரோ, அவருக்கே போக வேண்டும். அவள் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினாள், முகவருக்கு நகல் மட்டும்.

மாதிரிக் கடிதங்களைப் பார்த்து உச்சியில் “வித்அவுட் பிரெஜுடிஸ்” என்று போட்டிருந்தாள், அதையும் எடுக்கச் சொன்னேன். அது சமரசப் பேச்சுக்கான சொல். அப்படிக் குறித்த கடிதத்தைப் பொதுவாகப் பின்னர் சான்றாகக் காட்ட முடியாது. இந்தக் கடிதம் எழுதப்பட்டதே காட்டுவதற்காகத்தான்.

“பேசாமல் கடைசி மாத வாடகையைக் கட்டாமல் டெபாசிட்டில் கழித்திருக்கலாமே” என்று சித்தி குறைப்பட்டுக்கொண்டார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், அப்போது ஒப்பந்தத்தை மீறியவர் குடியிருந்தவர் ஆகிவிடுகிறார். “வாடகை பாக்கி இல்லை” என்ற அந்த வரியை அவளால் எழுதியிருக்கவே முடியாது.

16ஆம் தேதி முகவர் அழைத்தார். “4,000 வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்களேன்” என்றார். “மற்ற 1,020க்கு ரசீது அனுப்புங்கள்” என்று மட்டும் அவள் எழுத்தில் பதில் போட்டாள். பெயிண்ட் ரசீது வரவில்லை. திரைச்சீலையைச் சலவைக்குக் கொடுத்த 120 வெள்ளி ரசீது வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கறை இருந்தது உண்மை. ஒப்புக்கொண்டாள்.

17ஆம் தேதி இரவு 4,900 வெள்ளி வந்து சேர்ந்தது. சித்தியின் கைமாற்று அடுத்த நாள் காலையே அடைந்தது. புது வீட்டின் ஒவ்வோர் அறையையும் குடிபுகுந்த அன்றே படம் எடுத்து வைத்துவிட்டாளாம். ஏர்கான் ரசீதுகளுக்கு இப்போது தனிக் கோப்பு இருக்கிறது.